உறுதி காரணத்தில், மென்மை கேள்வியில்

கிள்ளான் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ரப்பர் கையுறை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கப்பல் ஆவணங்களைக் கவனிக்கும் வேலை. வேலையில் சேர்ந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கேள்வி சுருக்கமானது. “மரியாதையாக எழுதினேன், வாடிக்கையாளரிடமிருந்து பதிலே வரவில்லை. அழுத்தி எழுதினேன், கோபித்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் எப்படித்தான் எழுதுவது?”

நடுவில் எழுத வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். மரியாதையும் அழுத்தமும் ஒரே மின்னஞ்சலில் முழு அளவில் இருக்கலாம். எது எந்த இடத்தில் வர வேண்டும் என்று தெரிந்தால் போதும். அவர் அனுப்பியிருந்த இரண்டு மின்னஞ்சல்களையும் வைத்துக்கொண்டே இதைப் பார்ப்போம். அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இங்கே பொருளை மட்டும் தமிழில் தருகிறேன். ஆங்கிலச் சொல்லே சிக்கலாகும் இடங்களில் அதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

நடந்தது என்ன?

வாடிக்கையாளர் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் இருக்கிறார். ஒரு கொள்கலன் நிறையக் கையுறைகள் போர்ட் கிள்ளானிலிருந்து அவருக்குப் புறப்பட இருந்தன. கப்பல் ஏறும் சரக்குக்கு ‘பில் ஆஃப் லேடிங்’ என்ற ஆவணம் உண்டு. சரக்கு யாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், துறைமுகத்தில் வந்து இறங்கும்போது யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் வரைவை வாடிக்கையாளருக்கு அனுப்பி, பெயரும் முகவரியும் சரிதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது வழக்கம். அதன் பிறகே இறுதி விவரங்கள் கப்பல் நிறுவனத்துக்குப் போகும். அந்த நிறுவனம் ஒரு கடைசி நேரம் வைத்திருக்கும். இந்த முறை அது 19 ஜூன், வியாழக்கிழமை மாலை 5 மணி. அதைத் தாண்டிய பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் திருத்தக் கட்டணம் உண்டு.

வாசகி செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அதன் பொருள் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் மேலான பார்வைக்காக வரைவு ஆவணத்தை இணைத்துள்ளேன். நாங்கள் மேற்கொண்டு செயல்பட ஏதுவாக, இயன்றவரை விரைவில் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். ஆவன செய்யவும்.”

புதன்கிழமை முழுவதும் பதில் இல்லை. வியாழக்கிழமை காலை 11 மணிக்கு இரண்டாவது மின்னஞ்சல் போனது:

“உங்கள் பதிலுக்காக இன்னமும் காத்திருக்கிறோம். அவசரம். 1 மணி நேரத்திற்குள் உறுதிப்படுத்தவும். இல்லையென்றால் ஏற்படும் தாமதத்திற்கு நாங்கள் பொறுப்பல்ல.”

ஜூன் மாதத்தில் ரோட்டர்டாம் நமக்கு 6 மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்குக் காலை 11 மணி என்றால் அங்கே விடியற்காலை 5 மணி. அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதே வாசகி கொடுத்த 1 மணி நேரம் தொடங்கி முடிந்துவிட்டது. மாலை 5 மணி வரை பார்த்துவிட்டு, வேறு வழியின்றி வரைவை அப்படியே கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார் வாசகி. மாலை 6.15-க்கு ரோட்டர்டாமிலிருந்து பதில் வந்தது. அங்கே அப்போது பகல் 12.15. தகவல் பெற வேண்டியவரின் முகவரி பழையது, கிடங்கு இடம் மாறிவிட்டது என்று திருத்தியிருந்தார். கீழே இன்னொரு வரி: “இன்றைக்குள் வேண்டும் என்றால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே.” அந்த மின்னஞ்சலின் நகல் வாசகியின் மேலாளருக்கும் போயிருந்தது.

திருத்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சு இன்னும் முடியவில்லையாம்.

முதல் மின்னஞ்சலில் இல்லாதது

முதல் மின்னஞ்சலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. இல்லாதவை மூன்று. எதைச் சரிபார்க்க வேண்டும் என்று இல்லை. எப்போதைக்குள் என்று இல்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. “பார்வைக்காக” என்று படித்த வாடிக்கையாளர், இது தகவலுக்கு வந்த கடிதம் என்று எடுத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என ஒதுக்கி வைத்திருப்பார். அவர் அலட்சியம் செய்தார் என்று சொல்ல முடியாது. அவரிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

“இயன்றவரை விரைவில்” என்ற சொல் நம் அலுவலகத்துக்குள் வேலை செய்யும். பக்கத்து மேசைக்காரரிடம் “கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்” என்றால் போதும். வியாழக்கிழமை மாலை 5 மணி என்பது அவருக்கும் தெரியும். நாம் சொல்லாமல் விட்டதை அவரே நிரப்பிக்கொள்வார். கடல் கடந்து இருப்பவரிடம் அந்த விவரம் இல்லை. நாம் விட்ட இடம் அவருக்கு வெற்றிடமாகவே இருக்கும்.

“ஆவன செய்யவும்” என்று நான் மொழிபெயர்த்த வரி, ஆங்கிலத்தில் “டூ த நீட்ஃபுல்” என்று இருந்தது. இந்தியாவிலும் நம் வட்டாரத்திலும் பழைய அலுவலகக் கடிதங்களில் புழங்கிய சொற்றொடர். அதைக் கேட்டு வளராத ஒரு டச்சுக்காரருக்கு, ‘எதை?’ என்ற கேள்விதான் எழும். “ரிவர்ட்” என்ற சொல்லும் அப்படித்தான். பதில் அனுப்புங்கள் என்ற பொருளில் நாம் எழுதுகிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்பதே வழக்கமான பொருள்.

‘-ங்கள்’ எங்கே போயிற்று?

இரண்டாவது மின்னஞ்சல் ஏன் சுட்டது? நேரம் தவறியது ஒரு காரணம். மொழியிலும் ஒரு காரணம் இருக்கிறது.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘அனுப்பு’ என்பது கட்டளை. ‘அனுப்புங்கள்’ என்றதும் அதே வினை மரியாதையாகிவிடுகிறது. ‘அனுப்புங்களேன்’ என்றால் இன்னும் குழைகிறது. பேச்சிலே ஆங்கிலம் கலக்கும்போதுகூட நாம் ஒரு ‘லா’ சேர்த்து அதன் முனையை மழுக்கிவிடுகிறோம். எழுத்து ஆங்கிலத்தில் இந்த வால்கள் எதுவும் கிடையாது. மனத்துக்குள் ‘அனுப்புங்கள்’ என்று மரியாதையோடு நினைத்துக்கொண்டு “சென்ட்” என்று எழுதினால், போய்ச் சேருவது ‘அனுப்பு’தான். முன்னால் “ப்ளீஸ்” போட்டாலும் அது மரியாதை சேர்த்த கட்டளையே தவிர, வேண்டுகோள் ஆவதில்லை. “கைண்ட்லி” போட்டால் சிலருக்கு அது இன்னும் விறைப்பாக, பள்ளித் தலைமையாசிரியர் சுற்றறிக்கைபோல ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் அந்த மரியாதை பெரும்பாலும் வாக்கியத்தின் வடிவத்தில் இருக்கிறது. “சென்ட்” என்பதைக் “குட் யூ சென்ட்” என்று கேள்வியாக்கினால், நம் ‘-ங்கள்’ செய்கிற வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். அதற்கு மேல் தேவைப்படுவது ஒரு காரணம். ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி சொன்னால், நாம் அதிகாரம் செய்யவில்லை என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி வடிவம் போதுமா, இன்னும் சுற்றி வளைத்தால் கூடுதல் மரியாதையாக இருக்காதா என்று நினைக்கலாம். இஸ்ரேலிய மொழியியலாளர் ஷோஷானா புளூம்-குல்கா இதை ஆராய்ந்து 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலம் பேசுவோரிடமும் ஹீப்ரு பேசுவோரிடமும் பலவகை வேண்டுகோள்களைக் காட்டி, எது மரியாதையானது என்று கேட்டார். ‘முடியுமா’ என்ற வகைக் கேள்விகளே அதிக மரியாதையானவை என்று இரு தரப்பினரும் மதிப்பிட்டனர். குறிப்பால் உணர்த்தும் வாக்கியங்கள் முதலிடம் பெறவில்லை. குறிப்பாகச் சொன்னால் பொருளைத் தேடும் சுமை கேட்பவர் தலையில் விழுகிறது என்பதே அவர் தந்த விளக்கம். நம் வாசகியின் முதல் மின்னஞ்சல் செய்ததும் இதைத்தான். மரியாதை என்று நினைத்து, வேலையை வாடிக்கையாளரிடம் தள்ளிவிட்டது.

கடைசி நேரம் யாருடையது?

வாடிக்கையாளருக்கு நாம் எப்படிக் கெடு வைப்பது என்ற தயக்கம் பலருக்கு உண்டு. பணம் கொடுப்பவர் அவர். ‘புதன்கிழமைக்குள் பதில் வேண்டும்’ என்று எழுதக் கை வராது. அதனால்தான் தேதி இருக்க வேண்டிய இடத்தில் “விரைவில்” வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கெடு நம் வாசகி வைத்தது அல்ல. கப்பல் நிறுவனம் வைத்தது. அதை அப்படியே சொல்லிவிட்டால் தயக்கத்துக்கு இடமில்லை. “கப்பல் நிறுவனம் ஆவணங்களை வியாழக்கிழமை மலேசிய நேரம் மாலை 5 மணிக்கு முடித்துக்கொள்கிறது” என்பது ஒரு செய்தி. அதில் எவ்வளவு உறுதி காட்டினாலும் யாரும் புண்பட மாட்டார்கள், ஏனெனில் அது யாருக்கும் இடப்பட்ட கட்டளை அல்ல. அதைத் தொடர்ந்து வரும் வேண்டுகோளைக் கேள்வியாக வைக்கலாம். உறுதி முழுவதும் காரணத்தில், மென்மை முழுவதும் கேள்வியில். இரண்டையும் மாற்றிப் போட்டால்தான் சிக்கல். முதல் மின்னஞ்சலில் காரணமே குழைந்து கிடந்தது. இரண்டாவதில் வேண்டுகோளே அடியாக விழுந்தது.

கெடு நம்முடையதாகவே இருக்கும் நேரங்களும் உண்டு. அப்போதும் அதன் பின்னால் ஒரு வேலை இருக்கும். திங்கட்கிழமை உற்பத்தி தொடங்குகிறது, வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டி அச்சுக்குப் போகிறது என்று அந்த வேலையைச் சொல்ல வேண்டும். சொல்ல எந்தக் காரணமும் இல்லையென்றால், அந்தத் தேதி உண்மையிலேயே தேவையா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

திருத்தி எழுதினால்

இப்போது அதே மின்னஞ்சலைத் திருத்துவோம். தலைப்பு வரியிலேயே தொடங்க வேண்டும். “வரைவு ஆவணம்” என்று மட்டும் போடாமல், “வரைவு பில் ஆஃப் லேடிங்: புதன் 18 ஜூன், ரோட்டர்டாம் நேரம் மாலை 4 மணிக்குள் உறுதிப்படுத்த” என்று போடலாம். திறக்காமலேயே பாதிச் செய்தி போய்விடும்.

நேரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று பாருங்கள். கப்பல் நிறுவனத்தின் கடைசி நேரம் வியாழக்கிழமை நமக்கு மாலை 5 மணி, ரோட்டர்டாமில் காலை 11 மணி. வியாழக்கிழமை என்று கேட்டால் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது காலை நேரம் மட்டுமே. அதனால் புதன்கிழமை அங்கே மாலை 4 மணி என்று கேட்கிறோம். நமக்கு அது இரவு 10 மணி. வாசகி வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால் பதில் இருக்கும். திருத்தி அனுப்ப முழு நாள் கையில் இருக்கும். “நாளை மாலைக்குள்” என்று எழுதினால் யாருடைய மாலை என்ற கேள்வி வரும். அவருடைய ஊர் நேரத்தில் எழுதினால் அவர் கணக்குப் போட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும் என்பதால், குளிர்காலத்தில் இந்த இடைவெளி 7 மணி நேரமாகிவிடும். தேதியிலும் மாதத்தின் பெயரை எழுதிவிடுங்கள். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

இனி உள்ளடக்கம்:

“வணக்கம். இந்த வாரக் கொள்கலனுக்கான வரைவு பில் ஆஃப் லேடிங்கை இணைத்துள்ளேன். கப்பல் நிறுவனம் ஆவணங்களை வியாழன் 19 ஜூன் அன்று, ரோட்டர்டாம் நேரம் காலை 11 மணிக்கு முடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு செய்யும் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்குவார்கள்.

கீழ்க்காணும் இரண்டையும் சரிபார்த்து, புதன் 18 ஜூன், உங்கள் நேரம் மாலை 4 மணிக்குள் உறுதிப்படுத்த முடியுமா?

1. சரக்கு பெறுபவரின் பெயரும் முகவரியும்
2. தகவல் பெற வேண்டியவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும்

மாற்றம் இருந்தால் சரியான விவரத்தை இந்த மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்பினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நன்றி.”

இதில் மென்மை சேர்ப்பவை ஒரு கேள்வியும் ஒரு நன்றியும், ‘மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற கடைசி வரியும் மட்டுமே. ‘தங்கள் மேலான’, ‘நன்றியுடையவளாவேன்’ எதுவும் இல்லை. அப்படியிருந்தும் இதைப் படிப்பவருக்குக் கரடுமுரடாகத் தோன்றாது. அவர் நேரத்தில் கணக்கிட்டு, அவர் பார்க்க வேண்டிய இரண்டை மட்டும் எடுத்துக்காட்டி, மீதி வேலையை நாமே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். மரியாதை இங்கே சொல்லாக இல்லாமல் செயலாக இருக்கிறது.

அதே வேண்டுகோள், ஒசாக்காவுக்கு

இதே சரக்கு ஜப்பானின் ஒசாக்காவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சல் எங்கே மாறும்?

முதலில் வரிசை மாறும். நேராக ஆவணத்துக்குப் போகாமல், குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து விளித்து, கடந்த ஏற்றுமதிக்கு ஒரு வரி நன்றி சொல்லலாம். பின்னணியும் காரணமும் வந்த பிறகு வேண்டுகோள் வரும். இரண்டாவது, கால அவகாசம் கூடும். ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் ஒருவரே முடிவைச் சொல்லிவிட மாட்டார். தொடர்புடைய மற்றவர்களிடமும் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே பதில் எழுதுவார். புதன்கிழமை வேண்டும் என்றால் திங்கட்கிழமை காலையிலாவது அனுப்பிவிட வேண்டும். முடிந்தால் அதற்கு முந்தைய வாரம்.

மூன்றாவது, மறுப்பதற்கு ஒரு வழி விட வேண்டும். “புதன்கிழமை சிரமமாக இருந்தால், எந்த நாள் வசதிப்படும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் தெரிவிக்க முடியுமா?” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நேரடியாக ‘முடியாது’ என்று எழுதத் தயங்குகிறவர் வேறு தேதி சொல்ல இது இடம் தரும். அந்த வரி இல்லாவிட்டால் “கொஞ்சம் கடினம்”, “பரிசீலிக்கிறோம்” என்ற பதில் வரலாம். அவை பெரும்பாலும் ‘முடியாது’ என்பதன் மென்மையான வடிவங்கள். நாம் அதைச் சம்மதம் என்று படித்துவிட்டால் வியாழக்கிழமைதான் உண்மை தெரியும்.

மாறாதவை எவை? சரிபார்க்க வேண்டிய இரண்டு விவரங்கள், நாள், நேரம், தவறினால் வரும் கட்டணம். இவை ரோட்டர்டாமுக்குப் போன அதே உறுதியோடு, அதே எண் வரிசையோடு ஒசாக்காவுக்கும் போக வேண்டும். தலையணை மட்டுமே கூடுகிறது. ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி அல்ல என்பதால் வாக்கியங்கள் இன்னும் சிறியதாக இருப்பது நல்லது. “வுட் யூ மைண்ட்” என்று தொடங்கும் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கு ஒருவர் “யெஸ்” என்று மட்டும் பதில் எழுதினால், செய்கிறேன் என்கிறாரா, சங்கடம் என்கிறாரா என்று இருவருக்குமே விளங்காது.

நாட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்வது ஆபத்து. ரோட்டர்டாமில் வேலை செய்பவர் எந்த நாட்டில் வளர்ந்தவராகவும் இருக்கலாம். 15 ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை செய்துவிட்டு ஒசாக்கா திரும்பியவர் உங்களைவிட நேரடியாக எழுதுவார். அவர் கடைசியாக உங்களுக்கு எழுதிய 3 மின்னஞ்சல்களைத் திறந்து பாருங்கள். எத்தனையாவது வரியில் விஷயத்துக்கு வருகிறார்? பெயர் சொல்லி அழைக்கிறாரா? அவர் உங்களிடம் ஒன்றைக் கேட்கும்போது எப்படிக் கேட்கிறார்? அவருடைய அளவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டால் தவறு குறையும்.

கேட்பது எவ்வளவு பெரியது?

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மரியாதை மொழி பற்றி எழுதிய நூல் இந்தத் துறையில் பெரிதும் பேசப்படுவது. எவ்வளவு மென்மை தேவை என்பதை மூன்று முடிவு செய்கின்றன என்றார்கள்: இருவருக்கும் இடையே உள்ள அதிகார வேறுபாடு, பழக்கத்தின் தூரம், கேட்கப்படும் காரியத்தின் பாரம். நம்மவர்கள் முதல் இரண்டையும் நன்றாகவே கவனிப்பார்கள். விட்டுவிடுவது மூன்றாவதை.

முகவரியைச் சரிபார்ப்பது 2 நிமிட வேலை, வாடிக்கையாளருக்கே நன்மை. அதற்கு மன்னிப்புக் கேட்டு, மூன்று முறை தயங்கினால், ஏதோ பெரிய சிக்கல் வரப்போகிறது என்று அவர் நினைப்பார். ஒப்பந்தப்படி 60 நாளில் கட்ட வேண்டிய தொகையை இந்த முறை 30 நாளில் கட்ட முடியுமா என்று கேட்பது வேறு. அது உண்மையிலேயே உதவி. அங்கே மென்மை தேவை, மறுக்கவும் இடம் வேண்டும்.

கெடு தாண்டிய தொகையைக் கேட்கும்போது பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். “வசதிப்பட்டால் கட்டுங்கள்” என்று எழுதினால், அவர் கொடுக்க வேண்டிய கடனை நாமே உதவியாக மாற்றிவிடுகிறோம். விலைப்பட்டியல் எண், தொகை, கட்ட வேண்டியிருந்த தேதி ஆகியவற்றைச் செய்தியாக எழுதிவிட்டு, “எந்தத் தேதியில் பணம் அனுப்பப்படும் என்று தெரிவிக்க முடியுமா?” என்று கேட்டால் போதும். கடனை நினைவூட்டுவதும் நடக்கும், உறவும் கெடாது.

பதில் வராவிட்டால்

நன்றாக எழுதிய மின்னஞ்சலும் சில நேரம் அடியில் புதைந்துவிடும். புதன்கிழமை ரோட்டர்டாமில் பகல் 12 மணி ஆகியும் பதில் இல்லை என்றால், நமக்கு மாலை 6 மணி. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். “ஏற்கெனவே என் மின்னஞ்சலில் சொன்னபடி” என்று தொடங்காதீர்கள். நீ படிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். “ஜென்டில் ரிமைண்டர்” என்ற தலைப்பும் பலருக்கு எரிச்சலூட்டுவது. வேண்டுகோளை முழுதாக இன்னொரு முறை எழுதுங்கள். பழைய மின்னஞ்சலைத் தேடிப் போக வைக்காதீர்கள்: “இன்று உங்கள் நேரம் மாலை 4 மணிக்குள் இரண்டு முகவரிகளையும் உறுதிப்படுத்த முடியுமா? வரைவை மீண்டும் இணைத்துள்ளேன்.” அதற்கும் பதில் இல்லையென்றால், வியாழக்கிழமை அவர்கள் அலுவலகம் திறக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைப்பதே சரி. நமக்கு அப்போது பிற்பகல் 3 மணி ஆகியிருக்கும், 2 மணி நேரம் மிச்சம் இருக்கும்.

“பதில் வராவிட்டால் இப்படியே அனுப்பிவிடுகிறோம்” என்று எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பெட்டியில் ஒட்டும் லேபிளின் நிறம் போன்ற சிறு விஷயங்களுக்கு எழுதலாம், அதுவும் இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால். பணம், உரிமை, சரக்கு யாரிடம் போக வேண்டும் என்பவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மின்னஞ்சலை நம்பிக் காத்திருக்காமல் தொலைபேசியை எடுத்துவிட வேண்டும்.

நீங்கள் எழுதியது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வரும் பதிலே காட்டிக்கொடுக்கும். “நன்றி, கிடைத்தது” என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் வேண்டுகோள் வேண்டுகோளாகவே போய்ச் சேரவில்லை. பதில் இரண்டு வரியில் இறுகி, நகல் உங்கள் மேலாளருக்கும் போனால், காரணம் இல்லாமல் கட்டளை மட்டும் போயிருக்கிறது. அனுப்பும் முன்பே தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. இந்த வேலையில் தொடர்பில்லாத சக ஊழியரிடம் திரையை 10 வினாடி காட்டிவிட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள். ‘என்ன கேட்கிறேன், எப்போதைக்குள், ஏன்?’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவர் பதில் சொல்லிவிட்டால் அனுப்பும் பொத்தானை அழுத்தலாம்.